ஒரு கை, இரண்டு கால்

கோவையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு இடது உள்ளங்கை மட்டும் இரண்டு வருடமாக உரிகிறது. தோல் மருத்துவர்களிடம் அடிக்கடி வந்து போகும் பலரைச் சேர்த்து வரைந்த ஆள் இவர், பெயர் வேண்டாம். லேத்தில் இரும்பு கடையும்போது சூடு தணிய ஊற்றும் கூலன்ட்தான் காரணம் என்று இவரே முடிவு செய்துவிட்டார். பட்டறையில் எல்லோரும் அதையே சொன்னார்கள். கையுறை மாற்றினார், சோப்பு மாற்றினார், தேங்காய் எண்ணெய் தடவினார். மெடிக்கலில் ஒரு டியூப் வாங்கிப் போட்டார். பத்து நாளில் கை மெத்தென்று ஆனது. டியூப் தீர்ந்த அடுத்த வாரமே பழையபடி உரிந்தது.

கையை நீட்டிய அவரிடம் மருத்துவர் கேட்டது வேறு.

"ஷூவைக் கழட்டுங்க."

"கால்ல ஒண்ணும் இல்லீங்க டாக்டர், கையிலதான்."

"பரவாயில்லை. சாக்ஸையும் கழட்டுங்க. ரெண்டு காலும்."

காலில் இருந்தது. இரண்டு பாதத்திலும் அடிப்பகுதி முழுக்க வறண்டு, பொடிப்பொடியாக வெள்ளைச் செதில். அந்த வறட்சி பாதத்தின் பக்கவாட்டில் கொஞ்சம் ஏறி, ஒரு கோடு போட்டது போல் நின்றுவிட்டது. அதற்கு மேலே தோல் நன்றாக இருக்கிறது. குதிகாலில் வெடிப்பு. வலது கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, நுனியில் உளுத்துப்போய் உதிர்கிறது. "இது பித்தவெடிப்புங்க, எங்கப்பாவுக்கும் இருக்கு" என்றார் அவர். நகத்தைப் பற்றிக் கேட்டதற்கு, பத்து வருடம் முன்பு இரும்புத் துண்டு விழுந்ததில் கெட்டுப்போனது என்றார். கைக்கும் காலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. உள்ளங்கை அலர்ஜி, குதிகால் பித்தவெடிப்பு, நகம் பழைய அடி என்று மூன்றுக்கும் மூன்று காரணம் வைத்திருந்தார்.

மருத்துவருக்கு மூன்றும் ஒன்றுதான். இரண்டு காலும் ஒரு கையும் உரிகிறது, மற்றக் கை சுத்தமாக இருக்கிறது என்றால் தோல் மருத்துவம் படித்தவர்கள் மனதில் முதலில் வருவது பூஞ்சைத் தொற்று. இந்தச் சேர்க்கைக்கு மருத்துவ நூல்களில் 'டூ ஃபீட் ஒன் ஹேண்ட் சிண்ட்ரோம்' என்று தனிப் பெயரே உண்டு. உடம்பில் வட்டவட்டமாக வரும் படர்தாமரையும், கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணில் பெரும்பகுதியும் இதே பூஞ்சைக் குடும்பத்தின் வேலைதான். உள்ளங்கையிலும் பாதத்திலும் அது வட்டம் போடாமல் வெறும் வறட்சிபோல் பரவுவதால் ஆள் ஏமாந்துவிடுகிறார்.

எண்ணிக்கையை வைத்து நோயை எப்படிச் சொல்ல முடியும்?

உடம்பின் உள்ளிருந்து கிளம்பும் தோல் நோய்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வரும். காளாஞ்சகப்படை என்கிற சோரியாசிஸ் உள்ளங்கையில் வந்தால் வழக்கமாக இரண்டு உள்ளங்கையிலும் வரும். கரப்பானும் அப்படித்தான். ரத்தத்தில் ஓடும் காரணத்துக்கு இடது வலது தெரியாது. வெளியிலிருந்து வரும் காரணம் அப்படி இல்லை. எந்த இடத்தைத் தொட்டதோ அந்த இடத்தில்தான் இருக்கும். ஒரு கை மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால், அந்தக் கை செய்து மற்றக் கை செய்யாத ஏதோ ஒரு காரியம் இருக்க வேண்டும்.

கூலன்டும் வெளியிலிருந்து வருவதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லேத் வேலைக்காரர்களுக்குக் கூலன்டால் கரப்பான் வருவது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் விரலிடுக்கு, புறங்கை, மணிக்கட்டு என்று தோல் மெல்லிய இடங்களைத்தான் முதலில் பிடிக்கும். சிவக்கும், எரியும், நீர் கோத்த கொப்புளம் வரும். இரண்டு கையும் நனைகிற வேலையில் இரண்டு கையும்தான் மாட்டும். வேலைக்குப் போகாத நாள்களில் குறையவும் செய்யும். இவருக்குத் தீபாவளிக்குப் பட்டறை மூடியிருந்தபோதும் கை உரிந்துகொண்டேதான் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஷூவுக்குள் இருக்கும் பாதத்தின் அடியைக் கூலன்ட் எப்படி உரிக்கும்?

அந்த உள்ளங்கையைக் கிட்டத்தில் பார்த்தால் இன்னொரு தடயம் கிடைக்கும். கைரேகைகளின் பள்ளத்தில், ஆயுள் ரேகை, இருதய ரேகை என்று ஜோசியர் பார்க்கும் அந்தக் கோடுகளில், கோலமாவைத் தேய்த்துத் துடைத்தது போல வெள்ளைப் பொடி படிந்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் போகும். ஈரம் உலர்ந்ததும் திரும்பத் தெரியும். பக்கத்தில் வலது கையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று இருக்கும். அதே இடது கையில் ஒன்றிரண்டு நகம் மட்டும் மஞ்சளாகி, வலது கை நகமெல்லாம் சுத்தமாக இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இந்தப் பூஞ்சைகளில் முக்கியமானது டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். இதை 1910இல் விவரித்தவர் ஆல்டோ கஸ்தலானி என்ற இத்தாலிய மருத்துவர். அப்போது அவர் கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்டது காலில் அல்ல, தொடையிடுக்குப் படர்தாமரையில். காலணி அதிகம் போடாத வெப்ப நாட்டு மக்களின் உடம்பில் படர்தாமரையாக இருந்த பூஞ்சை, இருபதாம் நூற்றாண்டில் போர், கப்பல், ராணுவம், குடிபெயர்வு என்று ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே நாள் முழுக்க மூடிய ஷூவுக்குள் வேர்த்துக் கிடக்கும் பாதம் அதற்குத் தோதாக அமைந்தது. இன்று உலகம் முழுக்க மனிதரின் பாதத்திலும் நகத்திலும் அதிகம் காணப்படும் தோல் பூஞ்சை இதுதான். நம் ஊரிலும் செக்யூரிட்டி, போலீஸ், சேஃப்டி ஷூ போடும் தொழிலாளி என்று பூட்ஸிலேயே வாழ்கிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

பாதத்தின் அடித்தோல் அதற்கு நல்ல தீனி. தோலின் மேலடுக்கும் நகமும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அதைச் செரிக்கும் நொதி இந்தப் பூஞ்சையிடம் இருக்கிறது. உடம்பில் இந்த மேலடுக்கு மிகத் தடிப்பாக இருப்பது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும்தான். போதாததற்கு, இதன் செல்சுவரில் உள்ள மன்னான் என்ற பொருள் உடம்பின் எதிர்ப்பை மந்தமாக்கி, தோல் தன்னைத் தானே உதிர்த்துப் புதுப்பிக்கும் வேகத்தையும் குறைக்கிறது. அதனால் பெரிய சிவப்போ வீக்கமோ தாங்க முடியாத அரிப்போ இருக்காது. ஷூவைக் கழற்றியதும் கொஞ்சம் நமநமக்கும், அவ்வளவுதான். சத்தம் போடாத விருந்தாளியை யாரும் விரட்டுவதில்லை, வருடக்கணக்கில் தங்கிவிடுகிறது.

இரண்டு காலும் ஒரே மாதிரி ஷூவில், ஒரே வேர்வையில், ஒரே குளியலறைத் தரையில் இருப்பதால் இரண்டிலும் பரவுவதில் ஆச்சரியம் இல்லை. கைக்கு எப்படிப் போகிறது? 1997இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தச் சேர்க்கை உள்ள 80 நோயாளிகளின் கதையைக் கேட்டுத் தொகுத்தது. பெரும்பாலோருக்குக் காலில் வந்த பிறகுதான் கையில் வந்திருந்தது. பாதிக்கப்பட்ட கை எது என்று பார்த்தால், பாதத்தைச் சொறியவோ கால்நகத்தைப் பிய்க்கவோ வழக்கமாகப் பயன்படும் கை. எழுதும் கையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

நம் பட்டறைக்காரரிடமும் மருத்துவர் அதைத்தான் கேட்டார்.

"காலை எந்தக் கையால சொறிவீங்க?"

அவர் ஒரு கணம் யோசித்தார். "இடது கைதானுங்க. சோத்துக் கையால யாராச்சும் காலைத் தொடுவாங்களா?"

அவருக்கு இடது கை உரிவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். ராத்திரி டி.வி. முன்னால் உட்கார்ந்து, ஒரு காலை மடித்துப் போட்டு, இடது கையால் குதிகால் வெடிப்பில் தோலைப் பிய்த்துக்கொண்டிருப்பது அவருடைய பல வருடப் பழக்கம். உதிரும் ஒவ்வொரு செதிலிலும் பூஞ்சை இருக்கிறது. அது நகத்துக்கடியில் புகுந்து, உள்ளங்கையில் தேய்ந்து, தினம் தினம் விதைக்கப்படுகிறது. கையை நாம் அடிக்கடி கழுவுகிறோம், காற்றுப் படுகிறது, சீக்கிரம் உலர்கிறது. அதனால் ஒருநாள் தொட்டதால் மட்டும் பூஞ்சை பிடித்துவிடாது. திரும்பத் திரும்பப் போட்டால் பிடிக்கும். இரண்டு கையும் ஒன்றையொன்று ஓயாமல் தொட்டுக்கொண்டிருக்க, மற்றக் கை ஏன் வருடக்கணக்கில் தப்பிக்கிறது என்பதற்கு மட்டும் மருத்துவம் இன்னும் முழுசாக விடை சொல்லவில்லை.

இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வராது. சிலருக்குப் பூஞ்சை இரண்டு கையிலும் வரும். சிலருக்கு சோரியாசிஸ் ஒரு கையில் மட்டும் நிற்கும். காலில் பூஞ்சை இருப்பவருக்குச் சில சமயம் இரண்டு கையிலும் சிறு சிறு நீர்க்கொப்புளம் கிளம்பி அரிக்கும். அந்தக் கொப்புளத்தைச் சுரண்டிப் பார்த்தால் பூஞ்சை இருக்காது. காலில் இருப்பதற்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது. காலைக் குணப்படுத்தினால் கையும் ஆறிவிடும். ஆகவே அமைப்பைப் பார்த்துச் சந்தேகப்படலாம். உறுதி செய்யச் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

அது ஊசியும் ரத்தமும் இல்லாத எளிய சோதனை. செதில் உரியும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, மொண்ணைக் கத்தியால் ஓரத்திலிருந்து செதிலைச் சுரண்டி எடுக்கிறார்கள். பூஞ்சை வளர்ந்துகொண்டிருப்பது ஓரத்தில்தான். கண்ணாடிச் சில்லில் அதை வைத்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் சில சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, சுமார் கால் மணி நேரம் காத்திருக்கிறார்கள். காரம் தோல் செல்களைக் கரைத்துத் தெளிவாக்கிவிடும். பூஞ்சையின் சுவரில் கைட்டின் இருப்பதால் அது கரையாது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தோல் மங்கிப்போன பின்னணியில், கணுக்கணுவாகக் குறுக்குச் சுவர் வைத்துக் கிளை பிரியும் மெல்லிய இழைகள் ஓடும். அதைப் பார்த்தாயிற்று என்றால் வாதம் முடிந்தது. எந்த இனம் என்று தெரிய வேண்டுமானால் செதிலை வளர்ப்பு ஊடகத்தில் போட்டு நான்கு வாரம் வரை காத்திருக்க வேண்டும். ரூப்ரம் மேலே வெள்ளைப் பஞ்சாக வளரும்; தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் ஒயின் சிவப்பு.

சோதனையில் இல்லை என்று வந்தால் பூஞ்சையே இல்லை என்று அர்த்தமல்ல. முந்தின வாரம்வரை பூஞ்சைக் களிம்பு போட்டிருந்தாலோ, சுரண்டியது போதாமல் இருந்தாலோ இழை கண்ணில் படாது. அமைப்பு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நல்ல மருத்துவர் இன்னொரு தரம், இன்னொரு இடத்தில் சுரண்டுவார்.

இனி அந்த மெடிக்கல் டியூப். கையை மெத்தென்று ஆக்கிவிட்டுத் திரும்ப வரவைத்த அது, அநேகமாக ஸ்டீராய்டு கலந்த களிம்பாகத்தான் இருந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். ஆனால் அந்தச் சிவப்பு, பூஞ்சையோடு உடம்பு போடும் சண்டையின் அடையாளம். சண்டை நின்றதும் தோல் நலமானது போலத் தெரியும். அடியில் பூஞ்சை தாராளமாகப் பரவும். இப்படி உருமாறி அடையாளம் தெரியாமல் போகும் படர்தாமரையை 1968இலேயே மருத்துவர்கள் விவரித்திருக்கிறார்கள். இந்தியாவில் ஸ்டீராய்டு, பாக்டீரியா மருந்து, பூஞ்சை மருந்து எல்லாவற்றையும் ஒரே டியூபில் அடைத்து விற்பது சர்வசாதாரணம். தோல் மருத்துவர்கள் பல வருடம் முறையிட்ட பிறகு, 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டு இருந்தால்தான் தர வேண்டிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கவுண்டரில் கேட்டால் கிடைப்பது அதோடு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது.

சரியான வைத்தியத்துக்கு முதல் விதி, கையையும் காலையும் சேர்த்துப் பார்ப்பது. கைக்கு மட்டும் மருந்து போட்டுக் காலை விட்டுவிட்டால், அடுத்த முறை சொறியும்போது கைக்குத் திரும்பிவிடும். விரலிடுக்குச் சேற்றுப்புண் களிம்பிலேயே போய்விடும். பாதத்தின் அடி முழுக்க இப்படிச் செதில் கட்டியிருந்தால் களிம்பு மட்டும் போதாது. அவ்வளவு தடித்த தோலுக்குள் அது இறங்குவதில்லை. அதனால் பெரும்பாலும் மாத்திரை தருகிறார்கள். டெர்பினஃபின் என்றால் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு தினமும் 250 மில்லிகிராம், தோலுக்கு இரண்டு முதல் நான்கு வாரம். கால்நகத்திலும் பூஞ்சை இருந்தால் 12 வாரம். கூடவே தடித்த செதிலை இளக்க யூரியா அல்லது சாலிசிலிக் அமிலக் களிம்பு. மாத்திரை ஈரலைப் பாதிக்கக் கூடும் என்பதால், அதிலும் நகத்துக்காக நீண்ட நாள் தரும்போது, முன்கூட்டியே ரத்தச் சோதனை செய்வது வழக்கம். மற்றொரு மாத்திரையான இட்ராகொனசோலை இருதயம் பலவீனமானவர்களுக்குத் தர மாட்டார்கள். வேறு பல மாத்திரைகளோடும் அது ஒத்துப்போகாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடுகிற மருந்து அல்ல இவை.

கொஞ்ச காலமாக இந்தியாவில் ஒரு புதுச் சிக்கலும் சேர்ந்திருக்கிறது. டெர்பினஃபினுக்கு மசியாத டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சைக்கு 2020இல்தான் பெயர் வைத்தார்கள். அது அதிகம் பிடிப்பது தொடையிடுக்கையும் உடம்பையும்தான். கால்-கை வறட்சி பெரும்பாலும் பழைய ரூப்ரத்தின் வேலை. ஆனாலும் மருந்து சாப்பிட்டும் குறையாத ஒருவருக்கு, வளர்ப்புச் சோதனை செய்து எந்தப் பூஞ்சை என்று பார்ப்பது முன்பைவிட இப்போது அவசியமாகிவிட்டது.

பட்டறைக்காரருக்குச் சுரண்டலில் இழை தெரிந்தது, கையிலும் காலிலும் நகத்திலும். மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரத்தில் உள்ளங்கைக் கோடுகளில் வெள்ளைப் பொடி காணாமல் போனது. பாதம் இன்னும் சில வாரம் எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் நகத்தை மட்டும் பார்த்து அவர் சலித்துக்கொண்டார்: "மூணு மாசம் மாத்திரை முடிஞ்சுதுங்க, நகம் அப்படியேதான் இருக்கு." அப்படித்தான் இருக்கும். மருந்து பழைய நகத்தைச் சரிசெய்வதில்லை. அடியிலிருந்து புது நகம் முளைத்துப் பழையதைத் தள்ள வேண்டும். கால் கட்டைவிரல் நகம் முழுசாக வளர ஒரு வருடத்துக்கும் மேல் பிடிக்கும். அடியில் சுத்தமான நகம் ஒரு கோடாகத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம்.

அவரிடம் சொல்லி அனுப்பியவை எல்லாம் சில்லறைக் காரியங்கள். இரண்டு ஜோடி ஷூ வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, மற்ற ஜோடி காயட்டும். பருத்தி சாக்ஸைத் தினம் மாற்றி வெந்நீரில் துவைப்பது. நோயுள்ள நகத்துக்குத் தனி நகவெட்டி. காலைத் துடைக்க ஒரு துண்டு, உடம்பைத் துடைக்க ஒரு துண்டு. ஜட்டி போடுவதற்கு முன்பே சாக்ஸைப் போட்டுவிடுவது. வெறுங்காலை ஜட்டிக்குள் நுழைத்தால் பாதத்துச் செதில் தொடையிடுக்கில் படிந்து அங்கே படர்தாமரை தொடங்கும். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். ஆனால் போன மழைக்காலத்தில் தொடையிடுக்கில் அரித்தது நினைவுக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

கடைசியாக மருத்துவர் கேட்டது அவருடைய அப்பாவைப் பற்றி. ரூப்ரம் பாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் தன்மை சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. ஒரே வீட்டில் எல்லோரும் ஒரே குளியலறைத் தரையில் நடந்தாலும், அப்பாவுக்கும் ஒரு பிள்ளைக்கும் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பிடிக்காமல் போகும். அடுத்த வாரம் மகனோடு வந்த பெரியவருக்கு வயது எழுபதுக்கு மேல், பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு பாதமும் மகனுடையது போலவே இருந்தன. கை இரண்டும் சுத்தம், குனிந்து காலைத் தொடும் வயதை அவர் தாண்டிவிட்டார். குதிகால் வெடிப்பு ஒன்று ஆழமாகி, அதைச் சுற்றித் தோல் சிவந்து சூடாக இருந்தது. பூஞ்சை திறந்துவிட்ட வெடிப்பின் வழியே பாக்டீரியா உள்ளே போயிருந்தது. சர்க்கரை நோயாளியின் காலில் இது நாள் கடத்தக் கூடாத விஷயம். அவருக்கு அன்றைக்கே ஆன்டிபயாட்டிக் தொடங்கினார்கள். பூஞ்சைக்கான சுரண்டலும் ஈரல் சோதனையும் அதற்கடுத்த வாரம்.